‘தெரிந்தவர் மூலம்’ என்ற கட்டத்தைப் பிரியுங்கள்: புலம்பெயர் தொழிலாளர் சர்வே எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றிய சர்வே படிவங்களைத் தயாரிக்கும் ஆய்வுக் குழுக்களுக்கும், அந்த சர்வேக்களை நடத்தச் சொல்லும் தொழிலாளர் துறை அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

உங்கள் படிவங்களில் ஒரு கேள்வி தவறாமல் இடம்பெறுகிறது: ‘இந்த வேலை உங்களுக்கு எப்படிக் கிடைத்தது?’ அதன் கீழே நான்கைந்து கட்டங்கள். விளம்பரம் பார்த்து, வேலைவாய்ப்பு அலுவலகம் மூலம், ஏஜென்ட் மூலம், நேரில் போய்க் கேட்டு, கடைசியாக ‘உறவினர் அல்லது தெரிந்தவர் மூலம்’. ஊர் விட்டு ஊர் வந்து வேலை செய்பவர்களிடம் இதைக் கேட்டால் டிக் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் விழும். அதை வைத்து அறிக்கையில் ஒரு பத்தி எழுதிவிடுகிறீர்கள்: இவர்களிடம் பணம் இல்லாவிட்டாலும் சமூக மூலதனம், அதாவது உறவும் பழக்கமும் தரும் பலம், வலுவாக இருக்கிறது, அதுதான் இவர்களுக்கு வேலை வாங்கித் தருகிறது.

அந்தப் பத்தியை எழுத அந்த ஒரு டிக் போதாது. ஏன் போதாது, வேறு எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

சமூக மூலதனம் என்ற கருத்தை 1980களில் பியர் பூர்தியு, ஜேம்ஸ் கோல்மன் என்ற இரு சமூகவியலாளர்கள் ஆளுக்கொரு விதமாக வளர்த்தார்கள். இருவரும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு. பணம் ஒருவரின் பையில் இருக்கும், படிப்பு ஒருவரின் தலையில் இருக்கும். சமூக மூலதனமோ இரண்டு பேருக்கு நடுவில் இருக்கிறது. எதிரில் இருப்பவருக்கு உதவ மனமும் வேண்டும், உதவக்கூடிய நிலையும் வேண்டும். 1998இல் அலெஹாந்த்ரோ போர்ட்டஸ் எழுதிய கட்டுரை இதைக் கறாராகப் பிரித்தது. உதவி கேட்பவர், அதற்கு இணங்கித் தருபவர், கைக்கு வந்து சேரும் பலன் ஆகிய மூன்றையும் குழப்பக் கூடாது என்றார் அவர். குழப்பினால், வேலை கிடைத்தவனிடம் சமூக மூலதனம் இருந்தது, கிடைக்காதவனிடம் இல்லை என்று வட்டமடிக்கத்தான் முடியும்.

உங்கள் கட்டம் இந்த மூன்றில் கேட்பவரை மட்டும் பதிவு செய்கிறது. தந்தவர் யார், எந்த நிலையில் இருந்தார், எதற்காகத் தந்தார் என்பதெல்லாம் படிவத்தில் எங்கும் இல்லை. சரி, இதனால் என்ன கெட்டுவிடும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஒரு கட்டுமானத் தளத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அங்கே வெளியூரிலிருந்து வந்த மூன்று பேர். அந்தத் தளத்தில் சித்தாளுக்குக் கொடுக்கும் நாள்கூலியை 100 என்று வைத்துக்கொள்வோம்.

முதலாமவருக்கு வழிகாட்டியவர் அவருடைய மைத்துனர். மைத்துனரே மூன்று மாதத்துக்கு முன்புதான் வந்தவர், அவரும் சித்தாள்தான். ‘இங்கே ஆள் எடுக்கிறார்கள், கிளம்பி வா’ என்று போனில் சொன்னார். காலையில் கேட் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார். அதற்கு மேல் அவரால் முடிந்தது எதுவும் இல்லை. முதலாமவரின் கூலி 100.

இரண்டாமவர் வேறொரு தளத்தில் முன்பு ஒருவரோடு கம்பி கட்டும் வேலை பார்த்தவர். அந்தப் பழைய கூட்டாளி இப்போது இங்கே சூப்பர்வைசருக்கு நம்பிக்கையான ஆள். ‘இவனுக்குக் கம்பி வேலை நன்றாகத் தெரியும், நான் பொறுப்பு’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னதால் சித்தாளாகத் தொடங்க வேண்டிய அவசியமே இரண்டாமவருக்கு வரவில்லை. கூலி 150.

மூன்றாமவரை அழைத்து வந்தது மேஸ்திரி. அதே ஊர்க்காரர், தூரத்து உறவும்கூட. கிளம்பும்போதே முன்பணம் கொடுத்தார். இங்கே வேலைக்கு எடுப்பதும் அவர்தான், வார முடிவில் கூலி கொடுப்பதும் அவர்தான். சித்தாள் கூலி 100இல் முன்பணத்துக்கும் தன் கமிஷனுக்கும் சேர்த்து 20 பிடித்துக்கொள்கிறார். கையில் வருவது 80.

மூவரும் உங்கள் படிவத்தில் ஒரே கட்டத்தில்தான் டிக் அடிப்பார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, மூவருக்கும் தெரிந்தவர் மூலம்தான் வேலை கிடைத்தது. இப்போது சராசரி எடுங்கள்: 100, 150, 80. கூட்டினால் 330, மூன்றால் வகுத்தால் 110. யாரையும் தெரியாமல் நேராக வந்து கேட்டு வேலையில் சேர்ந்தவர்களின் சராசரியும், அனுபவம் உள்ளவரும் இல்லாதவருமாகக் கலந்து, அதே 110 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அட்டவணை என்ன சொல்லும்? ‘தெரிந்தவர் மூலம் வேலை பெறுவதால் கூலியில் வித்தியாசம் எதுவும் இல்லை.’

அந்தச் சராசரிக்குள் ஒருவர் ஒன்றரை மடங்கு வாங்குகிறார், இன்னொருவர் ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறார். இரண்டும் சிபாரிசின் விளைவுதான். எதிரெதிர்த் திசையில் இழுத்ததால் கணக்கில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விட்டன.

இந்த மூன்று பேரையும் பிரிப்பது உறவின் நெருக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். பல படிவங்கள் அந்த ஒரு திருத்தத்தை மட்டும் செய்துவிட்டு ‘நெருங்கிய உறவு, தூரத்து உறவு, நண்பர், அறிமுகம்’ என்று கட்டத்தை நான்காக உடைக்கின்றன. மார்க் கிரானொவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரையின் செல்வாக்கு அது. தொடர்பு வழியாக வேலை பெற்றவர்களில் பெரும்பாலானோர் அந்தத் தொடர்பை எப்போதாவதுதான் சந்தித்து வந்தார்கள் என்று அவர் கண்டார். ஆனால் அவர் பேட்டி எடுத்தது அமெரிக்காவில் தொழில்முறை, தொழில்நுட்ப, நிர்வாக வேலைகளில் இருந்தவர்களிடம். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூலி வேலைக்குப் பொருத்தினால், ‘தூரத்துத் தொடர்பு’ என்ற கட்டத்தில் இரண்டாமவரின் பழைய கூட்டாளியும் மூன்றாமவரின் மேஸ்திரியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

அந்தத் தொடர்பு என்ன செய்தது என்று பார்த்தால்தான் மூவரும் பிரிவார்கள். மைத்துனர் தகவல் சொன்னார். கூட்டாளி தன் பெயரை வைத்து உறுதி கொடுத்தார். மேஸ்திரி தானே வேலைக்கு எடுத்தார். இந்த மூன்று செயல்களுக்கும் பலன் வேறு, விலை வேறு. தகவல் சொல்வதற்குச் செலவு கிடையாது, அதனால் யாரும் யாருக்கும் சொல்லலாம். உறுதி கொடுக்க, கொடுப்பவரின் வார்த்தைக்கு அந்த இடத்தில் மதிப்பு இருக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும் அதிகாரம் உள்ளவரோ உதவி செய்பவராகவும் முதலாளியாகவும் ஒரே நேரத்தில் இருக்கிறார்.

ஆகவே என் முதல் வேண்டுகோள், அந்த ஒரு கேள்வியை மூன்றாக்குங்கள். இங்கே வேலை இருக்கிறது என்று முதலில் சொன்னது யார்? உங்களுக்காக மேலே பேசியது யார், அல்லது யாருமே பேசவில்லையா? உங்களை வேலைக்கு எடுத்தது யார்? மூன்றுக்கும் ஒரே ஆள் பெயர் வந்தால் அதுவே ஒரு தகவல். உடனே அடுத்த கேள்வியாக முன்பணம் பற்றிக் கேளுங்கள்.

அடுத்தது காலம். ‘உங்களுக்குத் தெரிந்தவர்கள் இந்த ஊரில் எத்தனை பேர்?’ என்று சில படிவங்கள் கேட்கின்றன. எண்ணிக்கை அதிகமாக இருந்தால் மூலதனமும் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். இதில் ஒரு சறுக்கல் இருக்கிறது.

அமெரிக்காவில் குடியமர்த்தப்பட்ட அகதிகளை வைத்து லோரி பீமன் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒருவர் வந்து சேரும் நகரத்தில் அவருடைய நாட்டுக்காரர்கள் பழையவர்களாக, சில ஆண்டுகள் இருந்து ஊன்றியவர்களாக இருந்தால், புதிதாக வருபவருக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு கூடியது. அதே நாட்டுக்காரர்கள் அவருக்குச் சற்று முன்புதான் பெருங்கூட்டமாக வந்திறங்கியிருந்தால் வாய்ப்பு குறைந்தது. காரணம் எளிமையானது. பழையவர் வேலையில் இருக்கிறார், காலியிடம் வந்தால் அவருக்குத் தெரியும். புதியவருக்கே வேலை தேவை, அதே தகவலுக்காக அவரும் வரிசையில் நிற்கிறார். இரண்டு பேருமே ‘தெரிந்தவர்’தான், ஒருவர் ஏணி என்றால் மற்றவர் போட்டியாள்.

இந்த முடிவை நம்புவதற்கு ஒரு காரணம் உண்டு. சாதாரணமாக, ‘ஆள் நிறைய இருக்கும் ஊரில் வேலையும் நன்றாகக் கிடைக்கிறது’ என்று பார்த்தவுடன் ஆட்களால்தான் வேலை கிடைத்தது என்று சொல்லிவிட முடியாது. வேலை நன்றாகக் கிடைக்கும் ஊர் என்பதாலேயே ஆட்கள் அங்கே குவிந்திருக்கலாம். பீமன் எடுத்துக்கொண்ட அகதிகள் தாங்களாக ஊரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை, அவர்களுக்கு அங்கே குடும்பமும் இல்லை. குடியமர்த்தும் நிறுவனம் அனுப்பிய இடத்துக்குப் போனவர்கள். அதனால் அந்தக் குழப்பம் பெருமளவு விலகுகிறது. கைவன் முன்ஷி 2003இல் மெக்சிகோவிலிருந்து அமெரிக்கா சென்றவர்களை ஆராய்ந்தபோது இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தார். அவர் பிடித்துக்கொண்டது சொந்த ஊர் மழையை. ஊரில் மழை பொய்த்த ஆண்டுகளில் அதிகம் பேர் கிளம்பினார்கள். அந்த மழைக்கும் போய்ச்சேர்ந்த இடத்தின் வேலைச் சந்தைக்கும் சம்பந்தம் கிடையாது. அப்படி வறட்சியால் பெருகிய ஊர்க்கூட்டம் சில ஆண்டுகளில் நிலைபெற்றபின், அந்த ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைப்பது எளிதாகியிருந்தது, விவசாயக் கூலியைத் தாண்டி மேலான வேலைக்கும் போக முடிந்தது. அங்கேயும் பலன் தந்தவர்கள் முன்பே வந்து நிலைத்தவர்கள்தான்.

உங்கள் சர்வேயில் மழைக் கணக்கெல்லாம் சேர்க்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை நேரில் பார்த்து எடுக்கும் சர்வேயால் ‘தொடர்பால்தான் கூலி கூடியது’ என்று நிறுவவும் முடியாது; அறிக்கையில் அப்படி எழுதாமல் இருந்தாலே போதும். ஆனால் ஒரு சின்னத் திருத்தம் செய்யலாம். எத்தனை பேரைத் தெரியும் என்று கேட்கும் இடத்தில், நீங்கள் வந்த அன்று இங்கே ஏற்கெனவே வேலையில் இருந்தவர்கள் யார், அவர்கள் வந்து எத்தனை வருஷம் ஆகியிருந்தது என்று கேளுங்கள். வருஷம் நினைவில்லை என்பார்கள். ‘உங்களுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே வந்துவிட்டாரா?’, ‘எந்தக் கட்டடம் நடந்துகொண்டிருந்தபோது வந்தார்?’ என்று ஒரு நிகழ்ச்சியோடு சேர்த்துக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பேட்டி எடுப்பவருக்குப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் படிவங்கள் வேலை வாங்கியவரிடம் பேசுகின்றன. வாங்கிக் கொடுத்தவரிடம் பேசுவதே இல்லை. ஆனால் சிபாரிசு செய்கிறவர் எதையோ பணயம் வைக்கிறார். அது என்ன என்று தெரியாமல், சிபாரிசு யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று புரியவே புரியாது.

வங்கதேச ஆடைத் தொழிற்சாலைகளை வைத்து ரேச்சல் ஹீத் 2018இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பணயத்தைக் காட்டுகிறது. முதலாளி ஏன் சிபாரிசை விரும்புகிறார்? நல்ல ஆள் கிடைப்பார் என்பது வழக்கமான பதில். ஹீத் சொல்லும் பதில் வேறு. புதிதாகச் சேர்ந்தவர் ஒழுங்காக வேலை செய்யாவிட்டால் அவருடைய சம்பளத்தைக் குறைக்க முடியாது, ஏனென்றால் அவர் ஏற்கெனவே குறைந்தபட்சக் கூலியை ஒட்டித்தான் வாங்குகிறார். ஆனால் அவரைச் சேர்த்துவிட்டவர் அனுபவசாலி, சம்பளம் கூட. அவருடைய சம்பளத்தில் கை வைக்க இடம் இருக்கிறது. ஆக, புதியவர் சொதப்பினால் பழையவரின் சம்பள உயர்வு அடிவாங்கும். இது உண்மையானால் இருவரின் சம்பளமும் சேர்ந்தே ஏறி இறங்க வேண்டும். ஹீத்தின் தரவுகளில் அப்படித்தான் இருந்தது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். தன் சம்பளம் தரைமட்டத்தில் இருப்பவரின் சிபாரிசுக்கு முதலாளியிடம் மதிப்பில்லை, ஏனென்றால் அவரிடமிருந்து பிடுங்க எதுவும் இல்லை. நம் முதலாமவரின் மைத்துனரால் கேட் வரைக்கும்தான் வர முடிந்ததற்குக் காரணம் அன்பு குறைவு அல்ல. அவருக்கு அங்கே இழக்க ஒன்றும் இல்லை. உறுதி கொடுக்கும் சக்தி, இழக்கக்கூடிய ஏதாவது உள்ளவர்களிடம் மட்டுமே தங்குகிறது. ‘உறவு வலுவாக இருக்கிறது’ என்று உங்கள் அறிக்கை பாராட்டும் குழுக்களில் இப்படிப்பட்டவர் ஒருவர்கூட இல்லாமல் போகலாம்.

பணயம் எப்படி அமைகிறது என்பதைப் பொறுத்து சிபாரிசு யாருக்குப் போகும் என்பதும் மாறும். லோரி பீமனும் ஜெரமி மக்ரூடரும் கொல்கத்தாவில் ஒரு சோதனை நடத்தி 2012இல் வெளியிட்டார்கள். சிலரை அழைத்து ஒரு வேலையைச் செய்யச் சொல்லி, அதற்குக் கூலி கொடுத்து, ‘இன்னொருவரைக் கூட்டிவாருங்கள், அதற்குத் தனியாகப் பணம் தருகிறோம்’ என்றார்கள். ஒரு சாராருக்கு, யாரைக் கூட்டிவந்தாலும் ஒரே தொகை. இன்னொரு சாராருக்கு, கூட்டிவந்தவர் வேலையை நன்றாகச் செய்தால்தான் கூடுதல் தொகை. இரண்டாம் சாராரில் உறவினரைக் கூட்டிவருவது குறைந்து, கூட வேலை செய்பவர்களைக் கூட்டிவருவது கூடியது. அதிலும் தாங்களே திறமையாகச் செய்தவர்கள்தான் திறமையான ஆளாகப் பார்த்துக் கூட்டிவந்தார்கள். மற்றவர்களுக்குத் திறமையை அடையாளம் காணத் தெரியவில்லை. அதே மனிதர்கள், அதே உறவுகள். முதலாளியின் நிபந்தனை மாறியதும் மைத்துனரின் இடத்தில் கூட்டாளி வந்துவிட்டார். ஒரு தளத்தில் உறவினர்களாகவே நிறைந்திருந்தால் அதைச் ‘சமூகத்தின் பண்பாடு’ என்று எழுதிவிடுகிறோம். அந்தத் தளத்தின் சிபாரிசு விதியாகவும் அது இருக்கலாம்.

இதோடு சிபாரிசு மறுக்கப்படுவதும் சேர்கிறது. சாண்ட்ரா சூசன் ஸ்மித் 2005இல் அமெரிக்காவின் ஏழைக் கறுப்பின மக்களிடையே நடத்திய ஆய்வில், வேலை வாங்கித் தரும் நிலையில் இருந்தவர்களே பலரும் தயங்கினார்கள். சேர்த்துவிட்ட ஆள் பாதியில் நின்றுவிட்டால் தங்கள் பெயர் கெடும் என்பது அவர்கள் பயம். அவர்கள் புலம்பெயர்ந்தவர்கள் இல்லைதான். ஆனாலும் பயத்தின் காரணம் பொதுவானது: தன் வேலையே ஆட்டம் காணும் நிலையில் இருப்பவர், அடுத்தவருக்காகப் பேசுவதற்கு முன் இரண்டு தடவை யோசிப்பார்.

எனவே வேலையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் படிவத்தைத் திருப்பிப்போட்டு மறுபக்கத்தையும் கேளுங்கள். கடந்த ஒரு வருஷத்தில் யாராவது உங்களிடம் வேலைக்குச் சொல்லிவிடும்படி கேட்டார்களா? சொல்லிவிட்டீர்களா? இல்லை என்றால் ஏன்? சொல்லிவிட்ட ஆள் நின்றுபோனாலோ தகராறு செய்தாலோ உங்களுக்கு என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்குத்தான் மனம்விட்டுப் பதில் வரும். திட்டு விழும் என்பார் ஒருவர், ஓவர்டைம் கொடுக்க மாட்டார்கள் என்பார் இன்னொருவர், அந்த ஆள் வாங்கிய முன்பணம் என் தலையில் விழும் என்பார் மற்றொருவர். இந்தப் பதில்களிலிருந்துதான் சிபாரிசின் விலை தெரியவரும். ‘யார் மீதாவது நம்பிக்கை இருக்கிறதா?’ என்று ஐந்து புள்ளி அளவுகோலில் கேட்டால் தெரியவராது.

மறுக்கப்பட்டவர்கள் எங்கே என்ற கேள்வி மீதமிருக்கிறது. சர்வே தளத்தில், அதாவது வேலை செய்யும் இடத்தில் நடக்கிறது. அங்கே இருப்பவர்கள் எல்லோரும் வேலை கிடைத்தவர்கள். சிபாரிசு கிடைக்காமல் திரும்பிப் போனவரும், கிளம்பவே முடியாமல் ஊரில் தங்கியவரும் உங்கள் தரவில் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. தளத்தில் பத்துப் பேருக்கு எட்டுப் பேர் தெரிந்தவர் மூலம் வந்தவர்கள் என்றால், தெரிந்தவர் இருந்தால் வேலை கிடைக்கும் என்று அர்த்தமில்லை. தெரிந்தவர் இருந்தும் கிடைக்காதவர் எத்தனை பேர் என்று அங்கே நின்றுகொண்டு எண்ண முடியாது. தங்குமிடங்களிலும், முடிந்தால் ஆட்கள் கிளம்பும் ஊர்களிலும் ஒரு சிறு மாதிரியாவது எடுங்கள். அதிலும் பெண்களைத் தனியாகப் பாருங்கள். மேஸ்திரி கணவரிடம் பேசி, கணவன் மனைவி இருவரையும் ஒரே ஜோடியாக வேலைக்கு எடுக்கும் இடங்களில், அந்தப் பெண்ணின் தொடர்பு யார் என்ற கேள்விக்குக் கணவரின் தொடர்பே பதிலாக எழுதப்பட்டுவிடுகிறது. கணவர் வேலையை விட்டால் அந்தப் பெண்ணுக்கும் அங்கே இடமில்லை.

நடைமுறையில் இன்னும் இரண்டு விஷயம். மேஸ்திரி பக்கத்தில் நிற்கும்போது பேட்டி எடுக்காதீர்கள். ‘யார் வேலைக்கு எடுத்தார்கள்?’ என்ற கேள்விக்கு அவர் முன்னால் வரும் பதில் ‘அண்ணன்தான், நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறார்’ என்றுதான் இருக்கும். பிடித்தம் பற்றிய கேள்விக்கு ‘அதெல்லாம் ஒன்றும் இல்லை’ என்று வரும். ஒரே குழுவில் பலரும் ஒரே சொற்களில் பதில் சொல்லியிருந்தால், அந்தப் பேட்டிகள் எங்கே, யார் இருக்கும்போது எடுக்கப்பட்டன என்று போய்ப் பாருங்கள். இதற்காகவே படிவத்தின் ஓரத்தில் ‘பேட்டியின்போது வேறு யார் இருந்தார்?’ என்று ஒரு வரி விடுங்கள்.

அப்புறம், சிபாரிசு செய்தவரின் பெயரை எழுதி வாங்காதீர்கள். உங்கள் ஆய்வுக்குத் தேவை அவர் என்ன வேலையில் இருந்தார், எத்தனை வருஷமாக, என்ன செய்தார் என்பவை மட்டும்தான். பெயரைக் கேட்டால் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. கேள்விகள் கூடுவதால் ஒவ்வொரு பேட்டியும் நீளும், மாதிரியின் அளவைக் குறைக்க வேண்டியும் வரலாம். குறைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சுற்றுப் படிவம் அச்சுக்குப் போவதற்கு முன், ஒரே ஒரு தளத்தில் இந்தக் கேள்விகளை முன்னோட்டமாகப் போட்டுப் பார்த்து, பழைய கட்டத்தில் ஒன்றாக விழுந்தவர்கள் புதிய கேள்விகளில் எத்தனை வகையாகப் பிரிகிறார்கள் என்று உங்கள் அறிக்கையின் பின்னிணைப்பில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தொழிலாளர் பேட்டிகளைத் தொகுத்து அலசும் வேலையில் இருக்கும் ஒருவர்